லிஃப்ட் கடைசியில் வருவதுதானே, இப்போதே எதற்கு ஆர்டர்?

கேள்வி: மங்கலம்பேட்டையில் முப்பது படுக்கை கொண்ட மருத்துவமனை கட்டுகிறோம். தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடியும். இப்போது மே மாதம் பாதி. அடித்தளத்துக்கு மண் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஜூலை 6-ஆம் தேதி லிஃப்ட் இருக்கும் பகுதிக்கு அடிக் கான்கிரீட். அடுத்த சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14, திறப்பு விழா. எங்கள் இன்ஜினீயர் ஜூன் முதல் தேதிக்குள் லிஃப்டுக்கு ஆர்டர் கொடுத்தாக வேண்டும் என்று நிற்கிறார். மின்வாரியத்துக்கும் இந்த வாரமே மனு போடச் சொல்கிறார். லிஃப்ட் கம்பெனிக்காரரோ பன்னிரண்டு வாரத்தில் தருகிறேன் என்கிறார். கட்டடம் முடிந்த பிறகு மாட்டப்போகிற பொருளுக்கு ஒரு வருஷம் முன்பே ஏன் பணம் கட்ட வேண்டும்? என் மைத்துனர் இன்னொரு பக்கம், விலை ஏறுவதற்குள் லிஃப்ட், டிரான்ஸ்ஃபார்மர், பேனல் போர்டு எல்லாவற்றையும் வாங்கி குடோனில் போட்டுவிடலாம் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், மங்கலம்பேட்டை

பதில்: ஐயா, கட்டடம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, லிஃப்ட் குழியைச் சுத்தியலால் உடைக்கும்போதுதான் அவர்களுக்கு இது தோன்றும். நீங்கள் மண் எடுக்கும்போதே கேட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. உங்கள் இன்ஜினீயர் சொல்வது சரி. மைத்துனர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி எது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பன்னிரண்டு வாரத்தைப் பார்ப்போம். ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது வாரம் லிஃப்ட் வாசலில் வந்து நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கம்பெனியின் விலைப்பட்டியலைக் கையில் எடுத்து, கடைசிப் பக்கத்தில் உள்ள நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். முன்பணம் வந்து சேர வேண்டும், வரைபடத்தில் நீங்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும், கேபினின் உட்புறத் தகடு எந்த வகை, தரைக்கு என்ன கல் என்பதெல்லாம் முடிவாக வேண்டும். இவற்றில் எது கடைசியாக நடக்கிறதோ அந்த நாளிலிருந்துதான் பன்னிரண்டு வாரம் தொடங்கும் என்ற பொருளில் அங்கே எழுதியிருக்கும். அதாவது பன்னிரண்டு வாரம் என்பது தொழிற்சாலைக்குள் ஆகும் நேரம் மட்டுமே. அதற்கு முன்னால் வரைபடம் போய்வரும் காலமும், பின்னால் பொருத்தி, சோதித்து, உரிமம் வாங்கும் காலமும் உங்கள் கணக்கில் சேர வேண்டியவை. கேபின் நிறத்தை வீட்டில் எல்லோரும் கூடி முடிவு செய்வதற்குள் மூன்று வாரம் போன வேலைகள் உண்டு. அந்தத் தாமதத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது.

இதில் வரும் தொழில்சொற்கள் இரண்டுதான். பொருள் கைக்கு வர ஆகும் மொத்தக் காலம் ‘லீட் டைம்’. லிஃப்ட், டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்ச்கியர் ஆகியவற்றுக்கு அது நீளம். சுவிட்ச்கியர் என்பது மின்சாரத்தை வாங்கி, பிரித்து, கோளாறு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர்களும் அவை அடங்கிய பேனல்களும். இரண்டாவது சொல் ‘சைட் தேவை நாள்’. ஒரு பொருள் எந்த நாளில் வேலையிடத்தில் இருந்தாக வேண்டுமோ அந்த நாள் அது. திறப்பு விழா நாளை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முகூர்த்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தானே பந்தல்காரரை வரச்சொல்கிறோம்? இங்கேயும் எண்ணும் திசை அதுதான்.

உங்கள் லிஃப்டையே எண்ணிப் பார்ப்போம். ஏப்ரல் 14 திறப்பு. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட், எஸ்கலேட்டர் சட்டப்படி மின் ஆய்வுத் துறையின் உரிமம் இல்லாமல் லிஃப்டை இயக்கக் கூடாது. அந்த உரிமம் மார்ச் 31-க்குள் கையில் இருக்கட்டும். ஆய்வாளர் வந்து பார்த்து, குறை சொன்னால் சரிசெய்து, உரிமம் வாங்க நாலு வாரமாவது ஒதுக்குங்கள். ஆக மார்ச் 1-க்குள் லிஃப்ட் பொருத்திச் சோதித்து முடிந்திருக்க வேண்டும். நாலு நிறுத்தம் உள்ள ஒரு ஸ்ட்ரெச்சர் லிஃப்டைப் பொருத்த ஏழு வாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பொங்கல். ஊருக்குப் போன ஆட்கள் திரும்ப ஒரு வாரம். எனவே ஜனவரி 4-ல் வேலை தொடங்கியாக வேண்டும். பொருள் டிசம்பர் 28-க்குள் வேண்டும். மழையையும் லாரியையும் நம்ப முடியாது என்பதால் இரண்டு வாரம் முன்னே தள்ளி டிசம்பர் 14. அங்கிருந்து பன்னிரண்டு வாரம் பின்னால் போனால் செப்டம்பர் 21. ஆயுதபூஜை, தீபாவளிக்குத் தொழிற்சாலை மூடும் நாட்களுக்கு ஒரு வாரம் கழித்தால் செப்டம்பர் 14. கம்பெனி வரைபடம் அனுப்ப இரண்டு வாரம், நீங்கள் பார்க்க ஒரு வாரம், திருத்தி வர ஒரு வாரம் என்று நாலு வாரம். ஆகஸ்ட் 17-ல் நிற்கிறது கணக்கு.

இதைப் பார்த்ததும், “ஆகஸ்ட் நடுவில் கொடுத்தால் போதுமே, ஜூன் முதல் தேதி எதற்கு?” என்று நீங்கள் இன்ஜினீயரிடம் கேட்கலாம். எண்ணிக்கையில் தவறில்லை. ஆனால் நாம் எண்ணியது பொருளுக்கான சங்கிலியை மட்டும். லிஃப்டுக்கு இன்னொரு சங்கிலி உண்டு, அது வரைபடத்துக்கானது. லிஃப்ட் டிசம்பரில் வந்தால் போதும், லிஃப்டின் அளவுகள் ஜூனிலேயே வந்தாக வேண்டும்.

காரணம் தரைக்குக் கீழே இருக்கிறது. லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்கும்போது கேபினுக்கு அடியில் ஒரு குழி வேண்டும்; ‘லிஃப்ட் பிட்’ என்பார்கள். தாங்கு சுருள்கள் அங்கேதான் உட்காரும். அதன் ஆழம் லிஃப்டின் வேகத்தையும் மாதிரியையும் பொறுத்தது. ஒன்றரை மீட்டரை ஒட்டி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷாஃப்டின், அதாவது லிஃப்ட் ஏறி இறங்கும் செங்குத்துக் கூண்டின் அகலமும் நீளமும் அப்படியே. நோயாளியைப் படுக்க வைத்து ஏற்றுவதற்கு 15 பேர் சுமக்கும் லிஃப்டைக் கேட்டிருப்பீர்கள். ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு, 1,020 கிலோ. அதற்கு ஷாஃப்ட் உட்புறம் ஏறத்தாழ 1.8 மீட்டருக்கு 3 மீட்டர் தேவைப்படும். ஆனால் எதிர்ப்பளு, அதாவது கேபினைச் சமன்செய்யும் எடைக்கட்டு, பின்பக்கம் வருகிறதா பக்கவாட்டில் வருகிறதா என்பதைப் பொறுத்து இந்த அளவு நகரும். குழியின் கான்கிரீட் அடித்தளத்தோடு சேர்ந்தே போடப்படுகிறது. ஜூலை 6-ல் கான்கிரீட் என்றால், கம்பி வெட்டிக் கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் ஒரு வாரம் முன்னால், ஜூன் 29-க்குள் கையெழுத்தான வரைபடம் வேண்டும். அதிலிருந்து நாலு வாரம் பின்னால் எண்ணுங்கள்: ஜூன் 1. உங்கள் இன்ஜினீயர் சொன்ன தேதி இதுதான்.

இரண்டு சங்கிலியில் எது முந்துகிறதோ அதுவே ஆர்டர் தேதி.

“உத்தேச அளவில் குழியை எடுத்துவிட்டுப் பிறகு கம்பெனியைத் தேர்ந்தெடுக்கலாமே?” என்று சொல்பவர்கள் உண்டு. செய்யலாம், குழியைத் தேவைக்கு மேல் ஆழமாகவும் ஷாஃப்டை அகலமாகவும் விட்டால். அதற்கான விலை, தளத்துக்குத் தளம் நீங்கள் இழக்கும் இடம். குறைத்து விட்டுவிட்டால் வழி இல்லை. குழி இருபது சென்டிமீட்டர் குறைந்தால்கூட அடித்தளக் கான்கிரீட்டை உடைத்து, அறுந்த கம்பியை இணைத்து, நீர்த்தடுப்புப் பூச்சை மறுபடி செய்ய வேண்டும். உடைத்து ஒட்டிய குழியில் ஐப்பசி மழைக்கு நீர் கசியும். நீர் நிற்கும் குழியைக் காட்டி ஆய்வாளரிடம் உரிமம் கேட்க முடியாது.

வரைபடம் தேவைப்படும் இடம் குழி மட்டுமல்ல. ஒவ்வொரு தளத்திலும் கதவுக்கான திறப்பு, மேல்தளத்தில் இயந்திரத்தைத் தூக்கி ஏற்ற உதவும் கொக்கி, கடைசி நிறுத்தத்துக்கு மேல் விடவேண்டிய உயரம் எல்லாம் அதில் இருக்கும். கொக்கி மேல்தளக் கான்கிரீட்டுக்குள்ளேயே பதிய வேண்டும். மறந்தால் பிறகு துளை போட்டு மாட்டுவது அரைகுறை வேலை.

இப்போது மைத்துனர் சொல்வதற்கு வருகிறேன். விலையை இன்றே பூட்ட வேண்டும் என்கிறாரே, அந்தப் பாதி சரி. ஆனால் ஆர்டர் கொடுப்பது ஒன்று, பொருளை இறக்கிக்கொள்வது வேறொன்று. ஜூனில் நிலையான விலைக்கு ஆர்டர் கொடுங்கள். வரைபடத்துக்கு வேண்டிய முன்பணத்தை மட்டும் கட்டுங்கள். தயாரிப்பைத் தொடங்க எழுத்து மூலம் நீங்கள் தரும் அனுமதி செப்டம்பர் 14-ல் என்று ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். கம்பெனி சிறிது முறுக்கிக்கொள்ளும், பேசினால் ஒத்துக்கொள்ளும். லிஃப்டையும் ஒரே லாரியில் வாங்க வேண்டாம். கேபினுக்கு வழிகாட்டும் தண்டவாளங்களும் அவற்றைச் சுவரில் பிடிக்கும் பிராக்கெட்டுகளும் இயந்திரமும் டிசம்பர் 14-ல் வரட்டும். கேபின், கதவுகள், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை பொங்கல் கழித்து வந்தால் போதும். பூச்சு வேலை நடக்கும் கட்டடத்தில் ஸ்டீல் கதவை ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், கீறல் இல்லாமல் தப்பாது.

குடோனில் போடுவதன் கேடு பேனல்களுக்கு இன்னும் அதிகம். கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பேனலுக்குள் ஈரம் தங்காமலிருக்கச் சிறு சூடேற்றி ஒன்று வைத்திருப்பார்கள். அது வேலை செய்ய மின்சாரம் வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடி, இணைப்பில்லாமல் கிடக்கும் பேனலில் ஈரம் உள்ளேயே வேர்த்து, செப்புப் பட்டைகளைத் தாங்கும் காப்புத் துண்டுகளின் மேல் படியும். வெளியே பவுடர் கோட்டிங் பளபளவென்று இருக்கும். ‘மெகர்’ என்கிற காப்புச் சோதனைக் கருவியை வைத்தால்தான் தெரியும்: தொழிற்சாலைச் சான்றிதழில் இருந்த எண்ணைவிடப் பலமடங்கு குறைந்திருக்கும். இன்னொரு கேடு உத்தரவாதத்தில். இயக்கத் தொடங்கியதிலிருந்து 12 மாதம் அல்லது அனுப்பியதிலிருந்து 18 மாதம், எது முந்தியதோ அது என்பது நம் ஊரில் வழக்கமான நிபந்தனை. பத்து மாதம் குடோனில் கிடந்தால் உங்களுக்கு மிஞ்சுவது எட்டு மாதம்.

சுவிட்ச்கியர் கணக்கு லிஃப்டிலிருந்தே பிறக்கிறது. பொருத்தும் வேலையின் முற்பகுதியைத் தற்காலிக மின்சாரத்தில் ஓட்டிவிடலாம். முழு வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு தளத்திலும் கேபினின் தரை மட்டமாக நிற்கும்படி சரிசெய்ய, ஏற்ற இறக்கமில்லாத மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். அது பிப்ரவரி 8 வாக்கில். அந்தத் தேதிக்கு மின் இணைப்பு வேண்டுமானால், உயர் அழுத்த அமைப்பை மின் ஆய்வாளர் பார்த்து அனுமதிக்கவும் வாரியம் மீட்டர் வைத்து இணைப்புத் தரவும் ஐந்து வாரம் விட்டு, ஜனவரி 4-க்குள் எல்லாம் பொருத்தி முடிந்திருக்க வேண்டும். பேனலை நிறுத்தி, கேபிள் இழுத்து, சோதிக்க நாலு வாரம், டிசம்பர் 7. ஒரு வாரம் கைவசம் வைத்தால் நவம்பர் 30-ல் பொருள் வர வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம். பொருள் வேண்டிய நாள் நவம்பர் 30. அதே நாளில் மின் அறை தயாராக இருக்குமா? கூரை போட்டு, பூசி, கேபிள் கால்வாய் எடுத்து, கதவில் பூட்டுத் தொங்க வேண்டும். பெரிய கட்டடத்தின் மூன்றாவது மாடி முடிந்த பிறகு மின் அறையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பேனல் வரும் நாளில் அது மழைக்குள் நிற்கும். உங்களுடைய மின் அறை தனிக் கட்டடம் என்றால் செப்டம்பரிலேயே அதற்குக் கூரை போட்டுவிடுங்கள். கதவின் அகலத்தையும் பேனலின் மிக நீளமான ஒற்றைப் பகுதியின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கதவு போதாமல் சுவரை இடிப்பது நடக்கிற கதைதான். டிரான்ஸ்ஃபார்மரை இறக்கும் கிரேன் உளுந்தூர்பேட்டைச் சாலையிலிருந்து உள்ளே திரும்ப இடம் விட்டு மண்ணைக் குவியுங்கள்.

நவம்பர் 30-லிருந்து பின்னோக்கி எண்ணுவோம். தொழிற்சாலைக்குப் பதினாலு வாரம், பண்டிகைக்கு ஒரு வாரம், ஆகஸ்ட் 17. வரைபடத்துக்கு நாலு வாரம், ஜூலை 20-ல் ஆர்டர். விலைப்புள்ளிகளைக் கேட்டு ஒப்பிட மூன்று வாரம், ஜூன் 29. அப்படியானால் மே மாதத்தில் ஏன் ஓட வேண்டும்? விலை கேட்பதற்கே உங்களுக்கு மின்வாரியத்தின் பதில் வேண்டும் என்பதால். உங்கள் மருத்துவமனையின் சுமை தாழ்வழுத்த வரம்பைத் தாண்டினால் உயர் அழுத்த இணைப்பு. தமிழ்நாட்டில் சில பகுதிகளில் அது 11,000 வோல்ட், பல பகுதிகளில் 22,000 வோல்ட். உங்கள் இடத்துக்கு எந்தப் பாதையிலிருந்து எந்த அழுத்தம் தருவோம் என்று வாரியம் எழுதித் தந்த பிறகே பிரேக்கரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் குறிப்பிட முடியும். 11,000-க்கு வாங்குவது 12,000 வோல்ட் தர வரிசையைச் சேர்ந்தது. 22,000-க்கு 24,000 தர வரிசை வேண்டும். முன்னதை 22,000-க்குப் பயன்படுத்த வழியே இல்லை. “பக்கத்து ஊர் அரிசி ஆலையில் 11,000தான்” என்ற தகவலை நம்பி ஆர்டர் போடாதீர்கள். மனுவுக்குப் பதில் வர ஆறு வாரம் என்று வைத்தால், இந்த வாரம் மனு போட்டாக வேண்டும். ஆக, மின் பக்கத்தில் இன்று நீங்கள் வாங்கவேண்டியது ஒரு பதில் கடிதம் மட்டும்தான்.

தேதிகளை இப்படி முடிச்சுப் போடும் வழக்கம் பழையது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே 1-ல் திறந்தார்கள். அதன் இரும்புச் சட்டத்துக்கு மாடித் தொகுதி வாரியாக ஓர் அட்டவணை போட்டார்கள். தகவல் எப்போது வேண்டும், வரைபடம் எப்போது, இரும்பு எப்போது வந்திறங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தனித்தனித் தேதிகள். மன்ஹாட்டன் தெருவில் இரும்பை அடுக்கி வைக்க இடமில்லை. வந்ததும் ஏற்றியாக வேண்டிய கட்டாயம்தான் அவர்களை அவ்வளவு துல்லியமாக எண்ண வைத்தது. உங்களுக்கு இடம் இருக்கிறது, மழையும் இருக்கிறது.

நீங்களும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. வரைபடம் வேண்டிய நாள், பொருள் வேண்டிய நாள், எந்த வேலைக்காக அந்த நாள், இடம் தயாராகும் நாள், இதற்குப் பொறுப்பு யார், இன்றைக்குக் கைவசம் எத்தனை நாள். கடைசிக் கட்டத்தை வாரா வாரம் மாற்றி எழுதுங்கள். மழையால் இரண்டாம் தளம் மூன்று வாரம் தள்ளிப்போனால் கேபினின் தேவை நாளும் தள்ளும். அன்றே கம்பெனிக்குச் சொல்லி அனுப்பும் தேதியை மாற்றுங்கள். சொல்லாமல் விட்டால் லாரி பழைய தேதிக்கு வந்து நிற்கும். தளம் தள்ளிப்போனதால் வரைபட நாள் மட்டும் தள்ளாது, அதைக் கவனியுங்கள். கைவசம் உள்ள இரண்டு வாரத்தை ஜூனில் வரைபடத் தாமதம் தின்றுவிட்டால் டிசம்பர் மழைக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆர்டர் கொடுத்த பிறகு “ரெடியா?” என்று போனில் கேட்பதால் பயனில்லை. “ஆகிக்கொண்டிருக்கிறது சார்” என்றுதான் பதில் வரும். பேனல் தயாரிப்பவர் தகரப் பெட்டியை மட்டுமே தாம் செய்கிறார். உள்ளே இருக்கும் பிரேக்கர்களை வேறு பெரிய கம்பெனிகளிடமிருந்து வாங்குகிறார். பெட்டி மூன்று வாரத்தில் முடியும். பிரேக்கர்தான் பத்து வாரத்தை எடுத்துக்கொள்ளும். எனவே வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட அடுத்த வாரமே, “பிரேக்கருக்கு நீங்கள் கொடுத்த ஆர்டரின் நகலையும், எப்போது அனுப்புவோம் என்று அவர்கள் எழுதிய பதிலையும் காட்டுங்கள்” என்று கேளுங்கள். நகல் இருந்தால் உங்கள் பேனல் வரிசையில் நிற்கிறது. இல்லையென்றால் உங்கள் முன்பணம் இன்னொருவர் பேனலுக்குப் போயிருக்கிறது என்று கொள்ளலாம். பெயின்ட் அடித்த காலிப் பெட்டியைக் காட்டி அடுத்த தவணை கேட்டால் கொடுக்காதீர்கள். அனுப்புவதற்கு முன் உங்கள் இன்ஜினீயரோ மின் ஒப்பந்தக்காரரோ தொழிற்சாலைக்கே போய்ச் சோதனையைப் பார்க்கட்டும். அங்கே ஒரு திருத்தம் அரை நாள் வேலை, மங்கலம்பேட்டையில் அதே திருத்தத்துக்கு ஆள் வர ஒரு வாரம்.

லிஃப்டுக்கு நீங்களே செய்ய முடிந்த சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு தளமும் முடிந்ததும் ஷாஃப்டின் நாலு மூலையிலும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சுவர் எவ்வளவு விலகியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். விலகல் தளத்துக்குத் தளம் கூடிக்கொண்டே போனால் மேஸ்திரியிடம் அப்போதே சொல்லலாம். நாலு தளமும் முடிந்து தண்டவாளம் மாட்ட வந்தவர் சொல்லித் தெரிந்தால், சுவரைச் செதுக்குவது ஒன்றே வழி.

ஜெனரேட்டரும் தீயணைப்பு பம்பும் இதே தாளில் வர வேண்டியவை. அவற்றின் அடிமேடை அளவும் புகைபோக்கி வழியும் முன்கூட்டியே வேண்டும். வயர், சுவிட்ச், டைல்ஸ், பைப் போன்றவற்றை இந்தத் தாளில் எழுத வேண்டாம். தீர்ந்துபோனது தெரிந்த அன்றே ஆளனுப்பினால் விருத்தாசலத்திலிருந்து வந்துவிடும்.